ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு தயிர், எவ்வளவு மோர்: தராசு வைத்துப் பார்த்த கணக்கு

"வீட்டுத் தயிர்தான் மலிவு" என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கிலோவுக்கு எத்தனை ரூபாய் மிச்சம், எந்த இடத்தில் அந்த மிச்சம் காணாமல் போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கு எடுத்த பால், 4.5 சதவீதம் கொழுப்புள்ள அரை லிட்டர் பாக்கெட் இரண்டு. வேலூர் கடையில் 44 ரூபாய். விலை மாறினால் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

பாலை லிட்டரில் வாங்குகிறோம், தயிரைக் கிலோவில் வாங்குகிறோம். ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம். அகலமான பாத்திரத்தில் பொங்கவிட்டு, தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வைத்தால் 965 கிராமுக்கு வந்துவிடும். போனதெல்லாம் தண்ணீர்தான். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது. பொங்கியதும் இறக்கிய பாலிலும் தயிர் உறையும், ஆனால் கரண்டி போட்டதும் தண்ணீர் விடும். 90 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றால்தான் பாலின் தெளிநீரில் உள்ள புரதம், கேசீன் என்ற பாலின் முக்கியப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு உறையும்போது அந்தப் புரத வலை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேஸ் செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. இந்த அளவுக்குக் காய்ச்ச சுமார் 15 கிராம் எரிவாயு போதும். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்றால் கிராமுக்கு ஆறு பைசா. மொத்தம் 90 பைசா. ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம். உறைமோர் 10 கிராம் சேர்கிறது, மறுநாளைக்கு 10 கிராம் எடுத்து வைக்கிறோம், அது சரிக்குச் சரி. பாத்திரத்தில் ஒட்டியது போகக் கையில் கிடைப்பது 960 கிராம். 45 ரூபாய்க்கு 960 கிராம், அதாவது கிலோ 47 ரூபாய்.

கடையில் அரை கிலோ தயிர்ப் பை 36 ரூபாய், கிலோ 72. கப்பில் அடைத்த தயிர் 400 கிராம் 45 ரூபாய், கிலோ 112 ரூபாய் 50 காசு. கப் வாங்கும்போது எடையைப் படிக்காமல் விலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பையில் வரும் பாலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அடைத்து லேபிள் ஒட்டிய தயிருக்கும் மோருக்கும் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் வந்தது. 72 ரூபாயில் ஏறத்தாழ மூன்றரை ரூபாய் அதற்கே போகிறது.

ஆனால் இது சமமான ஒப்பீடு இல்லை. பைத் தயிரில் பலவற்றின் லேபிளில் கொழுப்பு 3 சதவீதம் என்றுதான் இருக்கும். அதற்கு நிகரான டோன்டு பால் லிட்டர் 40 ரூபாய். அதில் உறை ஊற்றினால் கிலோ 43-க்கு முடிந்துவிடும். 6 சதவீதம் கொழுப்புள்ள 60 ரூபாய்ப் பாலை எடுத்தால்கூட கிலோ 63 ரூபாய் 50 காசுதான். அதாவது நல்ல கெட்டிப் பாலில் செய்த தயிரே கடைப் பையைவிட மலிவு. கப் தயிர்போல வெட்டி எடுக்கும் பதம் வேண்டும் என்பவர்கள் பாலை 850 கிராம் வரை சுண்டக் காய்ச்சலாம். 44 ரூபாய்ப் பாலில் அப்படிச் செய்தால், கூடுதல் கேஸையும் சேர்த்து கிலோ 54 ரூபாய் ஆகும்.

இனி உறை ஊற்றும் பக்குவம். வேலூரில் இதைக் காலத்துக்கு ஏற்ப மாற்றாமல் முடியாது. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் இரவு எட்டு மணிக்கு ஊற்றிவிட்டுப் படுத்தால், விடியற்காலையில் தயிரின் மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் நிற்கும், ஓரம் பாத்திரத்தை விட்டு விலகியிருக்கும், வாயில் வைத்தால் பல் கூசும். உறைந்தது நாலைந்து மணி நேரத்திலேயே. மீதி நேரமெல்லாம் புளித்திருக்கிறது. கோடையில் லிட்டருக்கு 5 கிராம், ஒரு சிறிய கரண்டி போதும். காலையில் ஊற்றி, உறைந்ததும் ஆட்டாமல் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். மார்கழி, தை இரவுகளில் அதே 5 கிராம் விடிந்தும் பாலாகவே நிற்கும். அப்போது 20 கிராம் விட்டு, பாத்திரத்தை ஹாட் பாக்ஸுக்குள்ளோ அரிசி டப்பாவுக்குள்ளோ வைத்தால் எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும்.

உறை ஊற்றும் சூடு சுமார் 40 டிகிரி. விரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை சுடாமல் கதகதப்பாக இருந்தால் சரி. மிகச் சூட்டில் ஊற்றினால் கிருமி செத்துப்போய் பால் அப்படியே நிற்கும். சில நேரம் திப்பி திப்பியாகத் திரியும். மிக ஆறியபின் ஊற்றினால் வேறு தொல்லை: கரண்டியால் தூக்கும்போது தயிர் நூல் நூலாக இழுக்கும், நாக்கில் வழவழவென்று நிற்கும். குளிர்ந்த பாலில் கொழகொழப்பை உண்டாக்கும் கிருமிகள் முந்திக்கொள்வதுதான் காரணம். அந்தத் தயிரிலிருந்து எடுத்த உறைமோர் மறுநாளும் அப்படியே செய்யும். பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி, வேறு வீட்டிலிருந்தோ புதிய தேதியுள்ள பையிலிருந்தோ புது உறை எடுப்பது ஒன்றே வழி. குமிழ் குமிழாக ஓட்டை விழுந்து நாற்றம் அடித்தால் வேறு அழுக்குக் கிருமி புகுந்திருக்கிறது, அதை மோராக்கவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

மிச்சம் போகும் இடமும் அதுதான், கொட்டுவது. 45 ரூபாய்க்குக் கடையில் 625 கிராம் தயிர் கிடைக்கும். வீட்டில் செய்த 960-இல் 335 கிராமுக்கு மேல் வீணானால் கடைத் தயிரே லாபம். ஒரு நாளைக்கு 100 கிராம் மட்டும் செலவாகும் வீட்டில் ஒரு லிட்டரை ஒரே தடவையில் உறை ஊற்றக் கூடாது. அரை லிட்டர் போதும்.

நன்றாக உறைந்து, புளிப்பு மட்டும் ஏறிய தயிர் மோருக்குப் போகட்டும். 300 கிராம் தயிர், 600 மி.லி. குளிர்ந்த தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, துளி பெருங்காயம். தயிரை முதலில் தனியாகக் கடைந்து, பிறகு தண்ணீரை இரண்டு மூன்று தடவையாகச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி மிதக்கும். தயிருக்கு 14, மற்றதற்கு 3, ஆக 17 ரூபாய்க்கு 900 மி.லி.; லிட்டர் 19 ரூபாய். கடையில் 200 மி.லி. பாக்கெட் 10 ரூபாய், லிட்டர் 50.

இங்கேயும் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்காமல் விலையை ஒப்பிட முடியாது. அதற்கு லேபிளில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். மேலே சொன்ன தயிரில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 3.3 கிராம். மோர் பாக்கெட்டில் 100 மி.லி.க்கு 1 கிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள தயிர் ஏறத்தாழ 30 கிராம், நம் ஒன்றுக்கு இரண்டு கலவைக்குக் கிட்டத்தட்ட நிகர். 0.8 என்றால் தயிர் 24 கிராம், அதாவது ஒன்றுக்கு மூன்று. அந்தப் பதத்தில் வீட்டில் கலந்தால் அதே 17 ரூபாய்க்கு 1,200 மி.லி. வரும், லிட்டர் 14 ரூபாய்தான் ஆகும்.