ஐந்து மாத வாடகை வீடும் பதினொரு மாத ஒப்பந்தமும்

அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மெல்போர்னிலிருந்து குடும்பத்துடன் வந்த நாங்கள், திருவான்மியூர்ப் பக்கம் ஐந்து மாதத்திற்குச் சாமான்களோடு கூடிய வீடு தேடினோம். வீடு எளிதில் கிடைத்துவிட்டது. ஒப்பந்தம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

“பதினொரு மாத அக்ரிமென்ட் வெறும் சம்பிரதாயம் சார், எப்போது வேண்டுமானாலும் காலி செய்துகொள்ளலாம்” என்று தரகர் உறுதியாகச் சொன்னார். ஆனால் வந்த வரைவிலோ, ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் முன்பணம் திரும்பாது என்றும், காலி செய்யும்போது வண்ணம் பூச ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்றும் இருந்தது. ஐந்து மாதத்தில் கிளம்பும் குடும்பம் என்று தெரிந்தே இப்படி எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வாடகை 45,000 ரூபாய் என்றால் ஐந்து மாதத்துக்கு 2,25,000. தரகுக்கு ஒரு மாத வாடகை, வண்ணத்துக்கு இன்னொன்று எனச் சேர்த்தால் 3,15,000, அதாவது உண்மையில் மாதம் 63,000 ரூபாய். பதினொரு மாதம் இருப்பவருக்கு இந்த இரண்டு செலவும் பரவிப்போகும். குறுகிய காலம் தங்குபவரையோ அவை நசுக்கிவிடும். ஆகவே சொல்லப்படும் வாடகையைப் பார்க்காமல், எல்லாச் செலவையும் கூட்டித் தங்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கையே உரிமையாளரிடம் நேரில் காட்டினேன். ஐந்து மாதம் என்றே காலம் எழுதவும், இரு தரப்பும் ஒரு மாத அறிவிப்பில் விலகவும், வண்ணச் செலவை நீக்கவும் அவர் இசைந்தார். தரகர் அரை மாத வாடகையோடு நின்றுகொண்டார். மாதச் செலவு 49,500 ரூபாய்க்கு இறங்கியது.

முன்பணம் ஐந்து மாத வாடகை என்று கேட்டார்கள். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். எங்கள் அச்சமோ வேறு: விமானம் ஏறிய பின் அந்தப் பணத்தை யார் துரத்துவது? பேசிப் பேசி இரண்டு மாதமாகக் குறைத்து, அதில் ஒன்றைக் கடைசி மாத வாடகையில் கழிக்கவும், எஞ்சியதில் 10,000 ரூபாயை மட்டும் மின்கட்டணத்துக்காக வைத்துக்கொண்டு மீதியைச் சாவி ஒப்படைக்கும்போதே தரவும் எழுதி வாங்கினோம்.

மின்கட்டணத்திலும் ஒரு சிக்கல் வந்தது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு என்பதால், நாங்கள் குடிவருவதற்கு முந்தைய பயன்பாடும் சேர்ந்த முதல் பில் எங்கள் தலையில் விழ இருந்தது. குடிபுகுந்த அன்றே மீட்டரின் அளவைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பியிருந்ததால், முந்தைய யூனிட்டுகளுக்குரிய பணத்தை அவரே ஏற்றுக்கொண்டார். சாமான் பட்டியலையும் இப்படியே செய்யுங்கள்: ‘ஏசி 2’ என்றால் போதாது, அவை ஓடுகின்றனவா என்பதும் எழுதப்பட வேண்டும். எங்களுக்குத் தந்ததில் ஒன்று குளிரவே இல்லை. பட்டியலில் அப்படிக் குறித்திருந்ததால்தான் பழுதுச் செலவு எங்களிடம் வரவில்லை.

பிடித்து வைத்த தொகையில் மின்கட்டணம் போக மீதியை அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருந்தோம். நாங்கள் ஊர் திரும்பிய பின், கடைசி பில் வந்ததும் அந்தப் பணம் முழுமையாக வந்து சேர்ந்தது.