நாற்பது சொல்லில் ஒரு ஆளைப் பிடிப்பது

அவருடைய நடையில் நான் எழுதிய பந்தியைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒரு வினைமுற்றையும் ஒரு பெயரையும் மட்டும் திருத்தினார், அதைப் பிறகு சொல்கிறேன். அவருடைய எழுத்து எது, என்னுடையது எது என்று அவருடைய மகளுக்கே தெரியவில்லையாம். கொஞ்சம் பெருமையடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா எனக்குச் சொந்தமில்லை. தெஹிவளையில் இருக்கும் கூட்டாளி ஒருவனின் பெரியப்பா. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த குடும்பம். பழைய கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கினார், ஒரு பந்தியோடு கண் ஒத்துழைக்கவில்லை. மிச்சத்தை வாயால் சொல்கிறார். “மச்சான், அவர் எழுதின மாதிரியே நீ எழுதித் தா” என்று அந்த ஒரேயொரு பந்தியை எனக்கு ஒட்டி அனுப்பினான்:

“எங்கள் கடை மெயின் வீதியில் இருந்தது. பெரிய கடை அல்ல. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறப்போம், திறந்தவுடன் சாம்பிராணி போடுவோம், சாம்பிராணிப் புகை அடங்குமுன் முதல் வாடிக்கையாளர் வந்துவிடுவார். அவருக்குக் கடன் கொடுப்பதில்லை என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டம் மாதத்தில் பாதி நாள் அமுலில் இருந்தது.”

சுமார் நாற்பது சொல். இவ்வளவுதான் கையில் இருந்தது.

அவனே முதலில் ஒன்று எழுதிப் பார்த்திருந்தான். 1970களின் பாண் வரிசையைப் பற்றி. அதில் சாம்பிராணி மறுபடி வந்தது, ஒவ்வொரு வசனமும் ஒரு பகிடியில் முடிந்தது, “அந்தக் காலத்திலே” என்று ஆரம்பித்து “மறக்க முடியாத நாட்கள்” என்று அழுதது. போதாததற்கு நடுவில் “எண்டு”, “பேந்து” எல்லாம். பெரியப்பா அப்படித்தான் பேசுவாராம். பேசுவார், ஆனால் எழுதும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு எழுதுகிற ஆள் அவர். குரல் பதிவுகளை நான் தகவலுக்கு மட்டும் கேட்டேன், நடைக்குக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் கலக்கிறவர்கள்தான் அதிகம்.

இனி என் வேலை. பந்தியைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு அச்செடுத்தேன். (வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகிற கொம்யூனிகேஷன் கடையில் இப்போது மெல்லிய கடதாசிதான் போடுகிறார்கள், பென்சிலை அழித்தால் கடதாசியும் சேர்ந்து வருகிறது. நல்ல தடிப்பான தாள் கிடைக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.) பிறகு விஷயத்துக்குச் சொந்தமான சொல் எல்லாவற்றையும் பென்சிலால் மறைத்தேன். கடை, வீதி, சாம்பிராணி, வாடிக்கையாளர், கடன், எல்லாம் போய்விட வேண்டும். மிஞ்சியது இப்படி இருந்தது: எங்கள் இன்னது இன்ன இடத்தில் இருந்தது. பெரிய இன்னது அல்ல. இப்படிச் செய்தால் அப்படி ஆகும். இன்னது செய்வோம், செய்தவுடன் அடுத்தது, அடுத்தது முடியுமுன் அதற்கடுத்தது. இன்னது என்பது இன்னாரின் சட்டம். அந்தச் சட்டம் இவ்வளவுதான்.

இந்த எலும்புக்கூட்டைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எது பழக்கம், எது தற்செயல்? ஒருமுறை மட்டும் வருவதை நான் நம்புவதில்லை. “திறப்போம், திறந்தவுடன்” ஒன்று. “சாம்பிராணி போடுவோம், சாம்பிராணிப் புகை” இரண்டு. “சட்டம். அந்தச் சட்டம்” மூன்று. முடித்த சொல்லைப் பிடித்து அடுத்ததைத் தொடங்குகிறார், அந்தாதி மாதிரி. நாற்பது சொல்லுக்குள் மூன்று முறை என்றால் அது கை தானாகச் செய்வது. ஆனால் முதல் மூன்று வசனங்களில் அது இல்லவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பந்தி சூடாகிய பிறகுதான் வருகிறது. என் கூட்டாளி முதல் வசனத்திலிருந்தே போட்டதால்தான் அவனுடையது நையாண்டியாகிவிட்டது.

இல்லாததையும் எண்ண வேண்டும், இது இன்னும் முக்கியம். “நான்” இல்லை. “ஆனால்”, “எனவே”, “அதனால்” ஒன்றுகூட இல்லை. உணர்ச்சியைச் சொல்லும் சொல் இல்லை. சிறியது என்று சொல்லாமல் எத்தனை பேர் நிற்கலாம் என்று அளந்து காட்டுகிறார். வசன நீளம் 5, 3, 7, 13, 6, 7 சொல்: ஏறி இறங்குகிறது, பகிடி இறங்கிய பக்கத்தில், கடைசியில், ஒரே ஒரு தரம். அந்தப் பகிடியும் வீட்டு விஷயத்துக்குக் கந்தோர்ச் சொல்லைப் போடுவதால் வருவது.

சின்னச் சொற்களை எண்ணி ஆளைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. 1787-88இல் அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவாகப் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12 ஹமில்டனுடையவையா மடிசனுடையவையா என்ற சண்டையை, புள்ளிவிபரவியலாளர்களான மொஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் இப்படித்தான் அலசினார்கள். ‘upon’ என்ற ஆங்கிலச் சொல்லை ஹமில்டன் அள்ளித் தெளிப்பார், மடிசன் அரிதாகவே தொடுவார். விடை மடிசன் பக்கம் சாய்ந்தது. ஆனால் அவர்களிடம் இருவரும் எழுதியது குவியலாக இருந்தது. நாற்பது சொல்லில் “ஆனால்” இல்லை என்பதால் பெரியப்பா வாழ்நாளில் “ஆனால்” போடமாட்டார் என்று சொல்ல முடியாது. எனக்கு அது தீர்ப்பில்லை, எச்சரிக்கை மட்டும்: அவர் போட்டுக் காட்டாத வரை நானும் போடாமல் இருக்கலாம், யாருக்கும் உறுத்தாது.

நான் அனுப்பியது:

“பாண் வரிசை விடியுமுன் தொடங்கிவிடும். தலை பேக்கரி வாசலில், வால் அடுத்த சந்தியில். முதலில் அண்ணன் போவார், அண்ணனுக்குக் கால் கடுத்தால் கடைப் பையன் போவான், பையன் வீடு வந்து சேரும்போது பாணில் ஒரு மூலை குறைந்திருக்கும். குறைந்த மூலையைப் பற்றி வீட்டில் விசாரணை நடக்கும். விசாரணை அறிக்கை வெளிவந்ததில்லை.”

“பெரிய வரிசை அல்ல” என்று தொடங்கக் கை துறுதுறுத்தது, விட்டுவிட்டேன். அது அவர் ஒருமுறை எழுதிய வசனம். அளந்து காட்டுவதுதான் அவருடைய குணம். அதனால் தலையும் வாலும்.

மகள் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருந்தவர் “பையன் போவான்” என்ற இடத்தில் நிறுத்தினாராம். “அந்தத் தம்பியும் எங்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டவர். போவார் என்று போடு, பையன் என்று போடாதே.” பெயரையும் சொல்லியிருக்கிறார், பெயரே வரட்டுமாம். மூலையைப் பற்றிய வசனம் அப்படியே இருக்கலாமாம், “அது உண்மை”. மாதிரிப் பந்தியில் மனிதர் என்று இருந்தது அப்பாவும் ஒரு வாடிக்கையாளரும்தான். தன்னைவிட இளையவரை, வேலைக்கு நின்றவரை எப்படி எழுதுவார் என்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை. இப்படி ஒரு இடம் வந்தால் ஊகித்து எழுதாமல் ஆளிடமே கேட்பதுதான் வழி. ஆள் இல்லையென்றால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பேச்சை அப்படித்தான் சுற்றிப் போகிறேன். பந்தியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேற்கோள் குறி போட்டு எழுதுவாரா, பேச்சுத் தமிழில் விடுவாரா, “என்றார்” போடுவாரா, ஒன்றும் தெரியாது. அடுத்த கதையோ முழுக்க அப்பாவும் வீட்டுக்காரரும் வாடகைக்குச் சண்டை பிடித்தது. “அப்பா மறுத்தார், வீட்டுக்காரர் மறுத்ததை மறுத்தார்” என்று ஒரு பந்தி ஓட்டலாம், மூன்று பந்தி ஓடாது. அந்த அத்தியாயம் பாதியில் நிற்கிறது. தன் தம்பிக்குப் பெரியப்பா எழுதிய ஏரோகிராம் ஒன்று அலுமாரியில் இருக்கிறதாம். கடித நடை வேறு, அதிலிருந்து வசனத்தின் அமைப்பை எடுக்கப் போவதில்லை. யாராவது சொன்னதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும். கூட்டாளி ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து அனுப்புகிறேன் என்றான், எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.