துளைக்குள் தண்ணீர் வைக்கச் சொல்லாததால் இரண்டு துளைகளை மறுபடி போட்ட கதை

மண் ஆய்வுக்கு டிரில்லிங் ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் அனுப்பும் அட்டவணைக்காகக் காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை, அதில் பாதி என் மேலேயே.

2 மீட்டர் ஆழத்தில் அமரும் 10 மீட்டர் அகல ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே பலகை போன்ற அடித்தளம். அகலத்தில் ஒன்றரை மடங்கு கீழே வரை பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தரையிலிருந்து 17 மீட்டர், நான்கு துளைகள், 1.5 மீட்டருக்கு ஒரு எஸ்.பி.டி. என்று எழுதிக் கொடுத்தேன். சுத்தியலால் அடித்து, 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் சோதனை அது. கூடவே ‘அல்லது ரெஃப்யூசல் வரும் வரை, எது முன்னதோ அது’ என்று ஒரு வரி. ரெஃப்யூசல் என்றால் எவ்வளவு அடித்தாலும் இறங்காத நிலை. எல்லோரும் எழுதுவதுதான், நானும் எழுதினேன்.

முதல் இரண்டு துளைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதன் தாள் வந்தபோதுதான் நெருடியது. 4.5 மீட்டரில் அடி எண்ணிக்கை 14, 6 மீட்டரில் 16, எல்லாம் மணல்தான். 7.5-இல் திடீரென 5, 9-இல் 4, 10.5-இல் 6. நிலத்தடி நீர் 6 மீட்டருக்குச் சற்றுக் கீழே. தண்ணீர் தொடங்கிய உடனே மணல் இவ்வளவு தளர்ந்துவிடுமா? பக்கத்துத் துளையில் அதே ஆழத்தில் 18, 20 என்று இருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரோ தாளைப் பார்த்த மறுநிமிடமே ஆழமான பைல் அடித்தளம் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

தினக்குறிப்பை வாங்கிப் படித்தேன், அதில்தான் விஷயம் இருந்தது. 9 மீட்டரில் சுத்தியல் அடிக்கும் முன்பே ராடு தன் எடையிலேயே 30 செ.மீ. இறங்கியிருக்கிறது. அடுத்த நாள் சைட்டுக்குப் போய், 12 மீட்டர் தோண்டி முடித்ததும் எடை கட்டிய டேப்பைத் துளைக்குள் விடச் சொன்னேன். 11.4-இலேயே நின்றுவிட்டது. அதாவது 60 செ.மீ. மணல் கீழிருந்து, துளை சரியாமல் இறக்கும் கேசிங் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் இத்தனை நேரம் அடித்துக்கொண்டிருந்தது அந்தக் கலைந்த மணலை!

காரணம் எளிது. துளைக்குள்ளிருந்து மண்ணை அள்ளும் பெய்லரை வேகமாக மேலே இழுக்கிறார்கள், அது பிஸ்டன் மாதிரி உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரும் குறைந்து, வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. வெளித்தண்ணீர் அடிவழியாக உள்ளே பாயும்போது மணலையும் கிளப்பிக்கொண்டு வரும். 63.5 கிலோ சுத்தியல், 76 செ.மீ. வீழ்ச்சி, முதல் 15 செ.மீ.யைக் கணக்கில் விடுவது எல்லாம் சரியாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் சோதிக்க வேண்டிய மண் அங்கே இல்லை.

போர்மேனிடம் கேட்டால், ‘சார், உங்க பேப்பர்ல தண்ணி வைக்கச் சொல்லலையே’ என்றார். உண்மைதான், எந்த வரியிலும் இல்லை. அதனால் மறுதுளையின் செலவு எங்கள் தலையில். 2 மீட்டர் தள்ளிப் போட்டோம், கேசிங்கில் தண்ணீரை எப்போதும் வெளி நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்து, பெய்லரை மெல்ல இழுத்து. அதே ஆழங்களில் 17, 19, 21 வந்தது. பைல் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த நிம்மதி இரண்டு நாள்தான். நான்காவது துளையை 8.2 மீட்டரில் நிறுத்திவிட்டு, ‘பாறை, ரெஃப்யூசல்’ என்று ரிக்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 50 முறை அடித்தும் 6 செ.மீ.கூட இறங்கவில்லையாம். என் தாளின்படி அவர்கள் செய்தது சரி! மற்ற மூன்று துளைகளிலும் 17 மீட்டர் வரை பாறையே இல்லை, இங்கே மட்டும் எப்படி? பாறையை உருளையாக வெட்டியெடுக்கும் கோர் பேரல் வைத்துத் துளைக்கச் சொன்னேன். முனகினார்கள், ரிக் பாதி இறங்கியிருந்தது, மறுபடி ஏற்ற அரைநாள் போயிற்று. 70 செ.மீ. கல், அதற்குக் கீழே மறுபடி மணல். பெரிய உருண்டைக் கல், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழப்பத்தில் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டதால் கல்லுக்குக் கீழே மறுபடி மணல் ஏறிவிட்டது, அந்தத் துளையும் இரண்டாம் முறை.

இப்போது என் தாளில் ‘எது முன்னதோ’ கிடையாது. ரெஃப்யூசல் வந்தால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும், பாறை என்று சொன்னால் குறைந்தது 3 மீட்டர் கோர் எடுத்துக் காட்ட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் துளையின் அடிமட்ட ஆழத்தை அளந்து, தோண்டிய ஆழத்துக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். வித்தியாசம் 10 செ.மீ. தாண்டினால் மெதுவாகச் சுத்தம் செய்து மறுபடி அளக்க வேண்டும், அதுவரை சுத்தியலைத் தொடக்கூடாது. கேசிங்கின் அடி சோதனை ஆழத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்பதையும் சேர்த்தேன், ஏனென்றால் தாண்டினால் குழாய்க்குள் அடைந்த மண்ணில்தான் அடி விழும்.

அடுத்த வேலையில் அதே போர்மேன்தான் வந்தார். தாளைப் புரட்டிவிட்டு, ‘இவ்வளவு அளக்கணும்னா மீட்டருக்கு ரேட் ஏறும் சார்’ என்றார். ஏற்றித்தான் கொடுத்தேன், இரண்டு துளைகளை மறுபடி போட்டதைவிட அது குறைவுதான்.