கெட்டுப்போகாத ஃபைலுக்காக மூன்று முறை மாம்பலம் போய்வந்த கதை

ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் மேல் மாடி கட்ட வங்கிக் கடன் கேட்டிருந்தோம். மற்ற காகிதங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. வீட்டு வரைபடம் ஒன்றுதான் பாக்கி. அதை வரைந்து கொடுத்த பொறியாளர் அப்பாவின் நண்பருடைய மகன். வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டார். கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினார். பெயரின் கடைசியில் .dwg என்று இருந்தது. வங்கியின் இணையப் பக்கம் அதை ஏற்கவில்லை, பி.டி.எஃப் மட்டும்தான் வேண்டும் என்றது. கூடவே, மதிப்பீட்டாளர் பார்க்க ஏ1 தாளில் ஒரு பிரதியும் வேண்டும் என்றார்கள்.

பென் டிரைவில் போட்டுக்கொண்டு பரங்கிமலையில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்கினேன். பெரிய தாள் அச்சடிக்கும் கடையில் இருந்த பையன் ஃபைலைத் திறந்து பார்த்தான். ஏதோ பிழைச் செய்தி வந்தது. "அக்கா, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. அனுப்பியவரிடம் திரும்ப வாங்கி வாருங்கள்" என்றான். நானும் நம்பிவிட்டேன். அன்று இரவு பொறியாளர் மறுபடியும் அனுப்பினார். மறுநாள் மறுபடியும் அதே கடை, அதே பதில்.

இரண்டாவது முறை திரும்பி வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரே ஃபைல் இரண்டு முறை, இரண்டு வழியில் வந்து, இரண்டு முறையும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? பொறியாளரிடம் கேட்டேன். "நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தை மட்டும் படித்துச் சொல்லுங்கள் அக்கா" என்றார். திறந்தால் பக்கம் முழுவதும் புரியாத குறிகள். ஆனால் முதல் ஆறு எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது:

```
AC1032
```

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பயணம் மிச்சம். எல்லா .dwg ஃபைலும் இப்படி ஒரு குறியுடன்தான் தொடங்கும். AC1032 என்றால், கட்டட வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடின் 2018 பதிப்பில் வந்த வடிவம். அதற்குப் பின் வந்த பல பதிப்புகளும் இதிலேயே சேமிக்கின்றன. AC1027 என்றால் 2013 வடிவம். AC1024 என்றால் 2010 வடிவம். கடையில் இருந்தது 2010 பதிப்பு. அதனால் 2018 வடிவத்தைப் படிக்க முடியாது. ஃபைல் நன்றாகத்தான் இருந்தது, கடையின் மென்பொருள்தான் பழையது. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டாம் முறை ரயிலேறியிருக்க மாட்டேன். அந்தக் குறி அங்கே இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால்தான் ஃபைல் உண்மையிலேயே பாழ் என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. இலவசமாக மாற்றித் தரும் ஓர் இணையதளத்தில் ஃபைலை ஏற்றினேன். அரை நிமிடத்தில் பி.டி.எஃப் வந்துவிட்டது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் தெரிந்தன. நிம்மதியாக வீட்டருகே ஏ3 தாளில் அச்சடித்து வங்கியின் மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோனேன்.

அவர் பேசவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து, முன் அறையின் மேல் வைத்தார். தாளின் ஓரத்தில் 1:100 என்று எழுதியிருந்தது. அந்த அறையின் அகலம் 3.60 மீட்டர். அப்படியானால் தாளில் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேலில் இருந்தது 17. "இந்தத் தாளில் உங்கள் அளவுகோல் 1:100 இல்லை மேடம், 1:212" என்றார். பிறகு, "தூண்கள் எங்கே?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மேல் மாடி கட்டக் கடன் கேட்கும் வீட்டின் வரைபடத்தில் ஒரு தூண்கூட இல்லை. மூன்றாவதாக, சமையலறை இருந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். அங்கே இப்படி இருந்தது:

```
rikay; miw
```

கண்ணால் பார்த்தும் நான் எப்படி இதைத் தவறவிட்டேன் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. மாற்றம் முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டால் உள்ளே எல்லாம் சரி என்று மனது நினைத்துக்கொள்கிறது.

அன்று மாலை பொறியாளரை நேரே அழைத்தேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அவருக்கு இரவாகிவிட்டது. ஆனாலும் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார்.

தூண்கள் மறைந்ததற்குக் காரணம், அவை அந்த ஃபைலில் இல்லவே இல்லை. தூண்களையும் அவற்றின் இடக்கோடுகளையும் கட்டமைப்புப் பொறியாளர் தனி ஃபைலாக வரைந்திருந்தார். வீட்டு வரைபடம் அதை வெளியிலிருந்து இணைத்துக் காட்டியது. வரைபவர்கள் இதை 'எக்ஸ்ரெஃப்' என்கிறார்கள். நம் கைக்கு ஒரு ஃபைல் மட்டும் வந்தால், இணைப்பு போய்ச் சேரும் இடத்தில் ஒன்றும் இருக்காது. இணையதளத்துக்கு நான் கொடுத்தது ஒரே ஃபைல். அது சத்தமில்லாமல் தூண்களை விட்டுவிட்டது.

சமையலறைக் குழப்பம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. மேஸ்திரிக்குப் படிக்க வசதியாக அறைப் பெயர்களைத் தமிழில் போடச் சொன்னவர் அம்மாதான். பொறியாளர் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். பாமினி யூனிகோடு அல்ல. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. r என்ற இடத்தில் 'ச' வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுவிடும், 'சமையல் அறை' மறைந்து அதன் அடியில் இருக்கும் rikay; miw வெளியே வரும். சதுரக் கட்டங்கள் வராமல் இப்படிப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால், பழைய தமிழ் எழுத்துரு ஒன்று விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவுகோல் விஷயம் எளிது. இணையதளம் தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கிவிட்டது.

"என்னிடம் ஈட்ரான்ஸ்மிட் செய்து அனுப்பச் சொல்லி முதலிலேயே கேட்டிருக்கலாமே அக்கா" என்றார் அவர். ஆட்டோகேடில் ETRANSMIT என்ற கட்டளை வரைபடத்தையும் அதனோடு இணைந்த ஃபைல்களையும் ஒரே ஜிப்பாகக் கட்டித் தந்துவிடும். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாதபோது நான் எப்படிக் கேட்பேன்? இதைப் படிப்பவர்கள் கேளுங்கள். வரைபடம் வாங்கும்போதே, ஈட்ரான்ஸ்மிட் செய்த ஜிப் வேண்டும், அச்சில் கோடுகளின் நிறத்தையும் தடிமனையும் தீர்மானிக்கும் .ctb ஃபைலும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: எனக்கு வந்த ஜிப்பில் பாமினி இல்லை. அதைத் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

பிறகு வீட்டுக் கணினியில் டி.டபிள்யூ.ஜி ட்ரூவியூ என்ற மென்பொருளை நிறுவினேன். ஆட்டோடெஸ்க் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. விண்டோஸில் மட்டும் இயங்கும். வரைய முடியாது, பார்க்கலாம், அச்சிடலாம், பழைய வடிவத்துக்கு மாற்றலாம். நமக்கு அது போதும்.

முதலில் ஜிப்புக்குள் இருந்தபடியே வரைபடத்தை இருமுறை சொடுக்கித் திறந்தேன். மறுபடியும் தூண்கள் இல்லை. அழுகையே வந்துவிட்டது. ஜிப்பைப் பிரிக்காமல் திறந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் தற்காலிக இடத்துக்குப் போகும். பக்கத்து ஃபைல் அதன் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் பிரித்துப் போட்டுத் திறந்தபோது தூண்கள் வந்தன. பாமினியை விண்டோஸில் நிறுவி, ட்ரூவியூவை மூடித் திறந்ததும் சமையல் அறையும் வந்தது. எழுத்துரு விடுபட்டால் இந்த மென்பொருள் எப்போதும் எச்சரிக்கும் என்று நம்ப வேண்டாம். தமிழ் எழுத்தைக் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

பி.டி.எஃப் ஆக்கும்போது கீழே உள்ள தாவல்களில் Model என்பதை விட்டுவிட்டு, தாள் அமைத்து வைத்திருக்கும் லேஅவுட் தாவலுக்குப் போனேன். அச்சுக் கருவியாக DWG To PDF, தாளாக ஏ1, அளவு 1:1. Fit to paper என்பதில் இருந்த குறியை எடுத்தேன். இங்கே பலரும் குழம்புகிறார்கள்: 1:100 என்பது லேஅவுட்டுக்குள்ளேயே போடப்பட்டுவிட்டது, அதனால் தாளை 1:1 என்றுதான் எடுக்க வேண்டும். கோடுகளுக்கு monochrome.ctb தேர்ந்தெடுத்தேன். அது இல்லாதபோது, கறுப்புத் திரையில் பளிச்சென்று இருந்த மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியவில்லை.

வந்த பி.டி.எஃப்பின் பண்புகளில் பக்க அளவு 841க்கு 594 மில்லிமீட்டர் என்று இருந்தது. ஏ1 அதுதான்.

மூன்றாம் முறை மாம்பலம். அதே கடை, வேறு கடை தேட எனக்குத் தெம்பில்லை. இந்த முறை ஸ்கேலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். முதல் தாள் வெளியே வந்ததும் வீட்டின் நீளத்தை அளந்தேன். 12 மீட்டர், தாளில் 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 116 இருந்தது. பையன் அச்சுப் பெட்டியில் Fit என்றே விட்டிருந்தான். "Actual size போடுங்கள் தம்பி, இந்தத் தாளுக்கு நான் பணம் தர மாட்டேன்" என்றேன். அவன் மறுபேச்சு பேசாமல் மாற்றினான். இரண்டாவது தாளில் சரியாக 120.

அடுத்த நாள் மதிப்பீட்டாளர் அதே இழுப்பறையிலிருந்து அதே ஸ்கேலை எடுத்து முன் அறை மேல் வைத்தார். 36. பிறகு பேனா முனையால் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு முத்திரை குத்தினார்.