அழுதது கண்ணனா, தம்பியா?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பிக் மட்ச், சரஸ்வதி பூசை, ஹொஸ்டல் சாப்பாடு எல்லாம் மற்ற ஆக்கள் எழுதுவினம், நான் எங்கட எட்டாம் வகுப்பு வாசிப்புப் பாடத்தைப் பற்றி எழுதுறன்.

எங்கட தமிழ் சேருக்கு ஒரு பழக்கம். ஒருத்தன் எழும்பி வாசிக்கேக்க மற்ற எல்லாரும் புத்தகத்தை மூட வேணும், அவரும் மூடிப் போடுவார். பந்தி முடிய கடைசி வாங்குக்காரனைப் பார்த்து "என்னடா விளங்கினது?" எண்டு கேட்பார். அவன் பிழையாச் சொன்னா அடி வாசிச்சவனுக்கு! அப்ப அநியாயமாத்தான் தெரிஞ்சது.

ஒருநாள் கரும்பலகையில நிறுத்தக்குறி ஒண்டும் போடாம இப்பிடி எழுதினார்: கண்ணன் அழுதுகொண்டு ஓடிய தம்பியைப் பிடித்தான். ஆர் அழுதது? வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. பிறகு கண்ணனுக்குப் பக்கத்தில ஒரு காற்புள்ளி போட்டார், "கண்ணன், அழுதுகொண்டு ஓடிய தம்பியைப் பிடித்தான்", அழுதது தம்பி. அதை அழிச்சுப் போட்டு மற்ற இடத்தில வைச்சார், "கண்ணன் அழுதுகொண்டு, ஓடிய தம்பியைப் பிடித்தான்", இப்ப அழுகிறது கண்ணன். கேட்கிறவனுக்கு அந்தப் புள்ளி தெரியாது, அவனுக்குத் தெரியிறது எங்க இடைவெளி விழுந்தது, எந்தச் சொல்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தது எண்டது மட்டும்தான். ரெண்டாவதை வாசிக்கேக்க "கண்ணன் அழுதுகொண்டு" ஒரே மூச்சில வர வேணும், "ஓடிய தம்பியை" இன்னொரு மூச்சில. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அளவு நிறுத்தி வாசிச்சா ரெண்டில எது எண்டு கேட்கிறவன்தான் ஊகிக்க வேணும், பெரும்பாலும் கிட்ட இருக்கிற சொல்லோட ஒட்டித் தம்பிதான் அழுதான் எண்டு முடிவெடுப்பான்.

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ரெண்டு, முக்காற்புள்ளிக்கு மூண்டு, முற்றுப்புள்ளிக்கு நாலு எண்டு பாடமாக்கினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மாத்திரை எண்டா கண் இமைக்கிற நேரம், இல்லாட்டி கை நொடிக்கிற நேரம். ஆரும் எண்ணி வாசிக்கேலாது, ஒண்டுக்கொண்டு உள்ள வித்தியாசம் காதில விழுந்தாச் சரி எண்டுவார் சேர், பெரிய மண்டபத்தில எதிரொலி இருந்தா எல்லாத்தையும் கொஞ்சம் நீட்டச் சொல்லுவார். (நாவலர் பிறந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளையள் புள்ளியை விழுங்கலாமோ எண்டும் கேட்பார். தமிழ் உரைநடையில இந்தக் குறிகளைப் பரப்பினதில நல்லூர் ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு.) ஆனா நேரத்தை விடக் குரல்தான் முக்கியம். காற்புள்ளியில குரல் இறங்கக் கூடாது, அந்தரத்தில நிக்க வேணும், இன்னும் இருக்கு எண்டு கேட்கிறவனுக்குத் தெரிய. முற்றுப்புள்ளியில இறங்க வேணும். இப்ப நான் பேச்சுப்போட்டிக்கு நடுவரா இருக்கேக்க கூடக் காணுறது இந்தப் பிழைதான், பிள்ளையள் ஒவ்வொரு காற்புள்ளியிலும் குரலை இறக்கிப் போடுவினம், வசனம் முடிஞ்சுது எண்டு நினைச்சு அம்மாமார் கை தட்டத் தொடங்குவினம்.

மேற்கோள்குறிக்கு அவர் தந்த வசனம் இன்னும் ருசி. அப்பா நான் வரமாட்டேன் என்று சொன்னார். இதுக்குள்ள மூண்டு கதை இருக்கு. அப்பா, "நான் வரமாட்டேன்" என்று சொன்னார் எண்டா வராதது அப்பா, "அப்பா" வரைக்கும் கதை சொல்லுறவன்ர குரல், ஒரு சின்ன நிறுத்தம், பிறகுதான் அப்பாவின்ர குரல். "அப்பா, நான் வரமாட்டேன்" என்று சொன்னார் எண்டா ஆரோ அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுறார், முதல் சொல்லே கூப்பிடுற தொனியில வர வேணும். குறியே இல்லாட்டி, நான் வரமாட்டன் எண்டு என்னைப் பற்றி அப்பா ஆருக்கோ சொல்லியிருக்கலாம், அப்ப குரல் எங்கயும் மாறாது. முதல் ரெண்டிலயும் "என்று" வரேக்க பழையபடி கதைசொல்லியின்ர குரலுக்குத் திரும்ப வேணும், கன பேர் அப்பாவின்ர கோபத்திலயே "என்று சொன்னார்" எண்டும் கத்திப் போட்டுத்தான் இருப்பினம்.

இதில கஷ்டம் என்னெண்டா சில குறி கடைசியிலதான் வரும். "வந்தானா", "எங்கே போனான்" எண்டா சொல்லிலயே கேள்வி இருக்கு, குரலைப் பெரிசா ஏத்தத் தேவையில்லை. ஏத்தினா நாடகம் மாதிரிப் போயிடும். ஆனா "நீ சாப்பிடவில்லை?" எண்டதில கேள்வியைக் காட்ட அந்தக் குறியை விட்டா வேற ஒண்டும் இல்லை, அதைக் காணேக்க வாய் "சாப்பிடவில்லை"யைச் சொல்லி முடிச்சிருக்கும். அதுக்குத்தான் கண் வாய்க்கு முன்னால ஓட வேணும் எண்டுவார், வாய் ஒரு சொல்லில நிக்கேக்க கண் வசனத்தின்ர முடிவைப் பார்த்திட வேணும். முன்கூட்டியே கொப்பியில பென்சிலால சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, பெரிசுக்கு ரெண்டு கோடு போடவும் விடுவார், ஏனெண்டா நீள வசனத்தில குறி இல்லாத இடத்திலயும் மூச்சு எடுக்க வேண்டி வரும், "அண்ணன், தம்பி, தங்கை" மாதிரி வரிசையில காற்புள்ளி இருந்தும் நீட்டி நிக்கத் தேவையில்லை.

போன வருச ஒன்றுகூடலுக்குப் பிறகு எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில ஒருத்தர் "இந்த முறை நீங்கள் வரேல்லை" எண்டு குறி ஒண்டும் இல்லாமப் போட்டார். பாதிப் பேர் அதைக் கேள்வியா எடுத்துக் காரணம் எழுதிச்சினம், மற்றப் பாதி குத்தலா எடுத்துச் சண்டைக்கு வந்திச்சினம். அவர் என்ன நினைச்சுப் போட்டவர் எண்டு இண்டைக்கும் சொல்லேல்லை.