ஒன்-ஒன், ஆன்டு: நான் தலைகீழாக எழுதிய நிரூபணம்

டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மூன்றாம் செமஸ்டர்தான் முதல் செமஸ்டர். எனக்கு அதிலேயே டிஸ்கிரீட் மேத்ஸ் வந்து உட்கார்ந்தது. சார்பு என்றால் பத்தாம் வகுப்பில் அம்புக்குறி படம் போட்ட நினைவு இருந்தது. ஒன்றுக்கொன்றான சார்பு, மேல் சார்பு, இரண்டும் சேர்ந்தால் இருபுறச் சார்பு. வகுப்பில் இதையே இன்ஜெக்டிவ், சர்ஜெக்டிவ், பைஜெக்டிவ் என்றார்கள். பையன்கள் பேச்சில் ஒன்-ஒன், ஆன்டு. பெயர்தானே மாறியிருக்கிறது என்று தைரியமாகத்தான் முதல் இன்டர்னலுக்குப் போனேன்.

கேள்வி இதுதான்: Z-இலிருந்து Z-க்கு, அதாவது முழுக்களிலிருந்து முழுக்களுக்கு, f(n) = 2n + 3. இது ஒன்-ஒன்னா, ஆன்டுவா? எட்டு மதிப்பெண். எனக்குக் கிடைத்தது ஒன்று.

நான் எழுதியது இப்படி இருந்தது: "a = b என்க. அப்போது 2a + 3 = 2b + 3. அதாவது f(a) = f(b). எனவே f ஒன்-ஒன்." ஒவ்வொரு வரியும் சரி. அதனால் தாளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் சண்டைக்கே போனேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்து, "இதே மூணு வரியை f(x) = x²-க்கு எழுதுப்பா" என்றார். எழுதினேன். a = b என்க. அப்போது a² = b². எனவே f ஒன்-ஒன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. 2-க்கும் −2-க்கும் விடை 4. ஒன்-ஒன்னே இல்லாத சார்பை ஒன்-ஒன் என்று நிரூபித்து வைத்திருக்கிறேன்.

ஒரே உள்ளீட்டை இரண்டு முறை கொடுத்தால் ஒரே விடை வரும் என்பது எல்லாச் சார்புக்கும் பொருந்தும். அப்படி வராவிட்டால் அது சார்பே இல்லை. நான் நிரூபித்தது அதைத்தான். ஒன்-ஒன்னுக்கு விடையிலிருந்து கிளம்ப வேண்டும். இரண்டு நிழல் உருக்கள் ஒன்றாக இருந்தால், அவற்றின் முன் உருக்களும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும் என்று காட்ட வேண்டும். f(a) = f(b) என்க; 2a + 3 = 2b + 3; 2a = 2b; a = b. என் மூன்று வரியைக் கீழிருந்து மேலே படித்தது போலத்தான் இருக்கும். ஆனால் x²-க்கு இதே வழியில் போனால் a² = b² என்ற இடத்தில் a = −b என்றும் வரலாம் என்று வண்டி நின்றுவிடும். அப்படி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் நிரூபணம்.

ஆன்டு பகுதியில் செய்தது வேறு கூத்து. y = 2x + 3, எனவே x = (y − 3)/2, எனவே எல்லா y-க்கும் x கிடைக்கிறது, ஆன்டு என்று முடித்திருந்தேன். y = 4 போட்டால் x = 1/2. அரை என்பது முழு எண் இல்லை, மதிப்பகத்திலேயே இல்லை. ஆக 4-க்கு முன் உரு கிடையாது, f ஆன்டு இல்லை. இல்லை என்று காட்ட இந்த ஒரு 4 போதும். ஒன்-ஒன் இல்லை என்று காட்டவும் 2, −2 மாதிரி ஒரு ஜோடி போதும். இதே சூத்திரத்தை மெய்யெண்கள் R-இலிருந்து R-க்கு என்று கொடுத்திருந்தால் நான் எழுதியது சரியாகியிருக்கும். 2x + 3 ஆன்டுவா என்ற கேள்விக்கே பொருள் இல்லை. எங்கிருந்து எங்கே என்பதும் சேர்ந்ததுதான் சார்பு. அன்றிலிருந்து x கிடைத்ததும் இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறேன்: x மதிப்பகத்தில் இருக்கிறதா, அதை f-இல் போட்டால் y திரும்பி வருகிறதா.

இரண்டாவது இன்டர்னலில் கொஞ்சம் வில்லங்கமான சார்பு வந்தது. 1, 2, 3 என்று போகும் இயல் எண்களிலிருந்து எல்லா முழுக்களுக்கும். n இரட்டை என்றால் f(n) = n/2. ஒற்றை என்றால் f(n) = (1 − n)/2. பைஜெக்டிவ் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். முதலில் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்: 1, 2, 3, 4, 5 போட்டால் 0, 1, −1, 2, −2 வருகிறது. இரட்டைகள் எல்லாம் நேர் எண்களை எடுத்துக்கொள்ள, ஒற்றைகளுக்குப் பூச்சியமும் குறை எண்களும். அழகான சார்பு. எதிரெண்களும் சேர்ந்த அந்தக் கூட்டம் இயல் எண்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்திப்போவது எனக்கு இன்னும் ஏதோ ஏமாற்று வேலை போலத்தான் தெரிகிறது.

ஆன்டு இந்த முறை சுத்தமாக வந்தது. y > 0 என்றால் n = 2y எடுத்துக்கொள்ளலாம்; அது இரட்டை இயல் எண், f(2y) = y. y பூச்சியமோ குறை எண்ணோ என்றால் n = 1 − 2y. அது ஒற்றை, 1-க்குக் குறையாது, f-இல் போட்டால் y திரும்பி வருகிறது.

ஒன்-ஒன்னில்தான் மூன்று மதிப்பெண் போயிற்று. a, b இரண்டும் இரட்டை என்றால் a/2 = b/2, எனவே a = b. இரண்டும் ஒற்றை என்றால் (1 − a)/2 = (1 − b)/2, எனவே a = b. இத்தோடு நிறுத்திவிட்டேன். ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை என்றால்? மேடம் பக்கத்தில் சிவப்பில் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். எழுத வேண்டியது ஒரு வரிதான்: இரட்டை n-க்கு f(n) குறைந்தது 1, ஒற்றை n-க்கு f(n) அதிகபட்சம் 0, ஆகவே இரண்டும் ஒருபோதும் சமமாகாது. ஒரு வரிக்கு மூன்று மதிப்பெண்ணா என்று முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் அறையில் உட்கார்ந்து ஒற்றைப் பக்கத்தை மட்டும் (n + 1)/2 என்று மாற்றிப் பார்த்தேன். நான் எழுதிய இரண்டு பத்தியும் அப்படியே செல்லுபடியாகின்றன. ஆனால் f(1) = 1, f(2) = 1. மோதல் நடப்பதே அந்த மூன்றாவது இடத்தில்தான். அதை விட்டுவிட்டு மீதியை நிரூபித்ததற்கு ஐந்து மதிப்பெண் போட்டதே தாராளம்.

என் அறை நண்பன் அதே கேள்விக்கு வேறு வழியில் போயிருந்தான். நேர்மாறு சார்பு g-ஐக் கண்டுபிடித்துக் கொடுத்தாலே பைஜெக்டிவ் என்று ஆகிவிடும், ஒன்-ஒன், ஆன்டு என்று தனித்தனியாக எதற்கு என்பது அவன் கட்சி. வழி சரியானதுதான். y > 0 என்றால் g(y) = 2y, மற்ற y-க்கு g(y) = 1 − 2y. ஆன்டுவுக்கு நான் தேடிப்பிடித்த முன் உருக்களேதான் அவனுடைய g. ஆனால் அவன் f(g(y)) = y என்று மட்டும் காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டான். g(f(n)) = n என்ற மறுபக்கம் இல்லை. அவனுக்கும் பாதிதான் விழுந்தது. அவன் தாளில் மேடம் கேள்விக்குறி போடவில்லை; சின்னதாக ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார். முழுக்களிலிருந்து 0, 1, 2, 3 என்று போகும் எண்களுக்கு f(x) = |x|, g(y) = y. இங்கேயும் f(g(y)) = y சரியாக வருகிறது. கீழே கோடு போட்டு, f(2), f(−2) என்று எழுதியிருந்தார்.