எண்ணூரும் பொன்னேரியும்: ண, ன, ல, ள பழக்கிப் பார்த்தது

எங்கள் தெருமுனையில், கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு தச்சுப்பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் பீகாரிலிருந்து வந்தவர், தாய்மொழி போஜ்புரி. தமிழ் சரளமாகவே பேசுவார். ஆனால் ஆணி என்பது அவர் வாயில் 'ஆனி', அளவு என்பது 'அலவு'. என்னைக் கூப்பிடுவதும் 'அன்னா'. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவரே கேட்டார். ராத்திரி பட்டறை மூடியதும் உட்கார்ந்து பழகத் தொடங்கினோம்.

முதலில் வேலையைக் குறைத்தேன். மூன்று ன, மூன்று ல, இரண்டு ர என்று எட்டையும் ஒன்றாகக் கொட்டினால் யாருக்கும் எதுவும் நிற்காது. இன்றைய பேச்சில் ந-வுக்கும் ன-வுக்கும் காதில் விழும்படி வித்தியாசம் கிடையாது. சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந வரும், மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. முந்நூறு, அந்நாள் மாதிரி சில சொற்கள்தான் விலக்கு. ஆகவே அது எழுதும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது. ர, ற கதையும் சென்னையில் அப்படித்தான். கரி, கறி இரண்டையும் இங்கே ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அது தனித்துத் தெரிவது ற்ற, ன்ற வரும் இடங்களில்தான். அதையும் பேச்சு மாற்றிவிடுகிறது. திருவொற்றியூரைப் பலர் திருவத்தியூர் என்கிறார்கள். காதுக்கும் நாக்குக்கும் உண்மையான வேலை வைப்பவை இரண்டே ஜோடிகள்: ன-ண, ல-ள. அப்புறம் ழ.

ன-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒட்டும். ண-வுக்கு நுனி இன்னும் பின்னால் போய், மேல்நோக்கி வளைந்து, அண்ணத்தைத் தொடும். 'நாக்கை மடக்கு' என்று சொன்னதால் பயன் வரவில்லை. வேண்டுமென்று மடக்கினால் தொண்டையெல்லாம் இறுகி, சொல் திக்குகிறது. பலன் கொடுத்தது வேறு வழி. அவருடைய மொழியிலேயே டண்டா (தடி), அண்டா (முட்டை) என்ற சொற்கள் இருக்கின்றன. அதில் ட-வுக்கு முன்னால் வருவது ண-தான், அவர் அதைத் தனியாகக் கவனித்ததில்லை, அவ்வளவே. 'அண்டா' சொல்லச் சொன்னேன். அடுத்து 'அண்ண்ண்...' என்று இழுத்து, டா-வை வெளியே விடாமல் நிறுத்தச் சொன்னேன். நாக்கு அங்கேயே இருக்க, 'ஆ' மட்டும் விட்டால்? அண்ணா. அன்றைக்கே அந்தச் சொல் சரியாக விழுந்துவிட்டது.

அதன்பின் ஊர்ப்பெயர்கள். கும்மிடிப்பூண்டி ரயில் பாதை இதற்கென்றே போட்டது போல இருக்கிறது. தண்டையார்பேட்டையில் ட துணைக்கு இருக்கிறது. எண்ணூரில் அந்தத் துணை இல்லாமல் ண்ண. பொன்னேரியில் ன்ன. நந்தியம்பாக்கத்தில் ந. தண்டையார்பேட்டை, எண்ணூர், பொன்னேரி என்று வரிசையாகச் சொன்னால் நாக்கு பின்னாலிருந்து முன்னால் நகர்வது அவருக்கே தெரிந்தது.

ள கொஞ்சம் கடினம். போஜ்புரியில் அதற்கு இணை இல்லை. ண சொல்லும் இடத்திலேயே நாக்கை வைத்துக்கொண்டு, மூக்கில் போகும் காற்றை நிறுத்தி, நாக்கின் இரு ஓரங்களிலும் விடச் சொன்னேன். 'பண்ண', 'பள்ள' என்று மாறி மாறி. இங்கே ஒரு சிக்கல் வந்தது. 'உளி' என்றால் அவர் நாக்கு அண்ணத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடுகிறது, கேட்பதற்கு 'உடி', 'உரி' இரண்டுக்கும் நடுவில் ஏதோ வருகிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது. அந்த ஒலியை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ள-வை மூச்சு இருக்கும் வரை நீட்டலாம், தட்டு ஒலியை நீட்டவே முடியாது. அதனால் ஒற்றை ள-வை ஒதுக்கிவைத்துவிட்டு, தள்ளு, பள்ளம், வெள்ளி என்று இரட்டிப்பவற்றை மட்டும் பழகினோம். அங்கே நாக்கு நின்றே ஆகவேண்டும். வள்ளலார் நகர் பஸ் நிலையத்தின் பெயரில் ள்ள-வும் ல-வும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அதைத் தினமும் சொன்னார். அது நிலைத்த பிறகுதான் உளி, அளவு. அதிலும் 'உள்ளி' என்று தொடங்கி மெல்லச் சுருக்கினோம்.

வாய்க்கு வந்துவிட்டது என்பதால் காதுக்கும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு பல்லி, பள்ளி, வெல்லம், வெள்ளம், ஆனி, ஆணி என்று கலைத்துப் போட்டுச் சொன்னேன், அவர் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பாதிக்குப் பாதி சரி என்றால் அது வெறும் குருட்டு ஊகம், காது இன்னும் பிரிக்கவில்லை என்றுதான் பொருள். ஆரம்பத்தில் ல-ள அப்படித்தான் இருந்தது.

அதை மாற்றியது எங்கள் வடசென்னைப் பேச்சுதான். ண, ள, ட போன்றவற்றின் நிறம் அவற்றுக்கு முந்தைய உயிரிலேயே ஏறிவிடுகிறது. தமிழில் ண, ள, ழ எதுவும் சொல்லின் முதலில் வராது என்பதால் முன்னால் எப்போதும் ஓர் உயிர் இருக்கும், அதன் வாலைக் கேட்டால் போதும். இங்கே ப, ம, வ-வுக்குப் பின் அந்த உயிர் பல சொற்களில் அப்பட்டமாகவே மாறிவிடுகிறது. பெண் பொண்ணு ஆகிறது, பிள்ளை புள்ள ஆகிறது, மிளகாய் மொளகா, வேண்டும் வோணும், வீடு வூடு. அதே ப, ம, வ-வுக்குப் பின் ன, ல வந்தால்? பின்னல் பின்னல்தான், மின்னல் மின்னல்தான், வேலையும் வெல்லமும் அப்படியே. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, வெள்ளை வெள்ளையாகவே நிற்கிறது. ஆனாலும் 'மெய்யைக் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன ஆகிறது என்று கேளுங்கள்' என்றதும் அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. பொண்ணு, புள்ள என்று அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவைதானே.

இதே பாடத்தைச் சௌகார்பேட்டையில் வளையல் கடை வைத்திருக்கும் மார்வாடி அக்காவிடம் முயன்றபோது பாதி வேலைகூட இல்லை. இந்தியில் பானி, காலா என்பவை மார்வாடியில் பாணி, காளோ. ண, ள இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன. அவர் தமிழை இந்தி வழியாகப் பிடித்ததால்தான் ன, ல என்று வந்தது. 'வீட்டுல தண்ணிய எப்படிச் சொல்வீங்கக்கா?' என்ற கேள்வியே போதுமாக இருந்தது. கற்க வருபவரின் தாய்மொழியை முதலில் விசாரித்துக்கொள்வது அவசியம். தெலுங்கு, மராத்தி, ஒடியா பேசுபவர்களுக்கும் ண, ள ஏற்கெனவே உண்டு.

இப்போதைய நிலவரம்: தச்சருக்கு ண உறுதி. ள்ள நன்றாக இருக்கிறது. ஒற்றை ள வேகமாகப் பேசும்போது இன்னும் ல-வாகச் சரிகிறது. கேட்பதில், நான் சொன்னால் பிரித்துவிடுகிறார், டீக்கடைக்காரர் சொன்னால் தடுமாறுகிறார். அதனால் தெருவில் உள்ளவர்களைச் சொல்லவைத்து, என் போனில் பதிவுசெய்து, கலைத்துப் போட்டுக் கேட்கவைக்கிறேன். ஒரே குரலில் பழகிய காது அந்தக் குரலுக்கு மட்டும்தான் பழகுகிறது.

ழ இனிமேல்தான். தெருவில் அதைக் கேட்டுப் பழக வழியில்லை. இங்கே பெரும்பாலும் ள-தான் ஒலிக்கிறது, வயதானவர்கள் சிலரிடம் வாயப்பயம். தொல்காப்பியம் ழ-வை ள-வோடு சேர்க்காமல் ர-வோடு சேர்த்து, நாக்கு நுனி அண்ணத்தை வருடப் பிறப்பவை என்கிறது. அந்தப் பக்கமிருந்து போகலாம் என்று நினைக்கிறேன், நுனி எங்கும் ஒட்டாமல். அவர் கையில் இருக்கும் இழைப்புளியில் ழ-வும் ள-வும் சேர்ந்தே வருகின்றன. முதல் சொல் அதுதான்.